இருபத்துமூன்றாம் வாக்கியம்

2011 செப்டம்பர் நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு நுஹாத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நேரம் நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. ஆசிரியைகளின் வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து எப்போதும் என்னுடையதாகவே இருக்கும். ஜோர்டானின் இர்பித் நகரில் இருந்த அந்த அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக அப்படித்தான். அன்று நான் போனபோது முதல் வரியில் வேறொரு பெயர் இருந்தது. மை இன்னும் உலர்ந்திருக்கவில்லை.

பெயருக்குச் சொந்தக்காரி ஆசிரியர் அறையின் சன்னலோரத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளில் சுற்றிய, கெட்டித் தயிர் தடவிய ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிற நீளக் கோட்டு. அதன் இரண்டாவது பொத்தான் வேறு நிறம்.

"மிஸ் சுஹைர் நீங்கதானா? உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன். வாங்க, லப்னே ரொட்டி. வெள்ளரிக்கா வச்சிருக்கேன்" என்றாள்.

"அது என் நாற்காலி" என்றேன்.

"அப்படியா? அதான் இவ்ளோ வசதியா இருக்கு" என்று சிரித்துவிட்டு எழுந்தாள். எழும்போது ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டாள். மறுக்க நேரம் கிடைக்கவில்லை. வெள்ளரிக்காய் நன்றாகவே இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நுஹாத், இர்பித்துக்குப் பக்கத்திலுள்ள ஹுஸ்ன் ஊர்க்காரி. தந்தை பேருந்து ஓட்டியவர். நான் படித்த யர்மூக் பல்கலைக்கழகத்தில்தான் அவளும் படித்தாள், ஆனால் இளங்கலையோடு நிறுத்திக்கொண்டாள். நான் முதுகலை, ஆங்கில வினைச்சொற்களின் காலம் பற்றி நூற்றெண்பது பக்க ஆய்வேடு எழுதியவள். அவளுடைய கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகள். பழைய கியா கார் ஒன்றை வைத்திருந்தாள். அதைப் பள்ளி வாசலில் நிறுத்த மூன்று முறை முன்னும் பின்னும் போவாள். மாணவிகள் மதிலோரம் நின்று கைதட்டுவார்கள். அவள் சன்னல் வழியே கையசைப்பாள். நான் வந்து இறங்கும்போது எந்த மாணவியும் கைதட்டியதில்லை. ஒரே முயற்சியில் நேராக நிறுத்திவிடுவேன்.

எங்கள் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வான தவ்ஜீஹி எழுதும் பெண் வீட்டில் இருந்தால், அந்த ஆண்டு அந்த வீட்டில் தொலைக்காட்சி ஓடாது, திருமணம் நடக்காது, விருந்தாளி வரமாட்டார். அந்த வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவளின் பெயர் காய்கறிக் கடை வரை தெரிந்திருக்கும். அவள் தயாரிக்கும் கையேட்டைப் புத்தகக் கடைகளில் வரிசையில் நின்று வாங்குவார்கள். அந்த வகுப்பு ஒன்பது ஆண்டுகளாக என் கையில் இருந்தது. நுஹாத் வந்த ஆண்டு மாணவிகள் பெருகி வகுப்பு இரண்டு பிரிவாயிற்று. ஒன்று எனக்கு, மற்றொன்று அவளுக்கு. "அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல பிள்ளைங்க குறைஞ்சுடுவாங்க, அப்போ ஒரே பிரிவுதான். முடிவுகளப் பாத்து யாருக்குன்னு சொல்றேன்" என்றார் முதல்வர் இஃப்திகார். அன்றிலிருந்து நான் எண்ணத் தொடங்கினேன்.

பெருநாளுக்கு மாணவிகள் மாமூல் என்னும் பேரீச்சம்பழப் பலகாரம் கொண்டுவருவார்கள். முதல் ஆண்டு எனக்கு நான்கு பெட்டி, அவளுக்கு ஆறு. இரண்டாம் ஆண்டு எனக்கு இரண்டு, அவளுக்குப் பதினொன்று. வேதியியல் எடுக்கும் உம்மு குதைபாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன சுஹைர், பெட்டிய கண்ணாலேயே எண்ணுற? வாய்விட்டு எண்ணு, நாங்களும் கத்துக்கிறோம்."

"நான் ஏன் எண்ணணும்?"

"பதினொண்ணு. நானே சொல்லிடறேன், உனக்குச் சிரமம் வேணாம்."

மதிப்பெண்களிலும் அப்படியே. மொத்தத்தில் என் பிரிவு பின்தங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்விலும் தவறாமல் வரும் ஒரு கேள்வியில் அவளுடைய மாணவிகள் முந்தினார்கள். நடந்துபோனதை நினைத்து வருந்துவதையும், இல்லாததை ஏங்குவதையும் சொல்லும் வாக்கியங்கள். விஷ், இஃப் ஒன்லி என்று தொடங்குபவை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலே அதுதான். மூன்று நிறச் சுண்ணாம்புக் கட்டியில் அதற்கு நான் போடும் அட்டவணையை மேற்பார்வையாளர் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நிகழ்கால உண்மை என்றால் வினை இறந்தகாலத்துக்குப் போகும். கடந்தகால உண்மை என்றால் அதற்கும் ஒரு படி பின்னே, 'had' சேர்ந்த வடிவத்துக்குப் போகும். ஆம் என்பது இல்லை என்றாகும், இல்லை என்பது ஆம் என்றாகும். இதற்கு மேல் இதில் சொல்ல என்ன இருக்கிறது?

இருந்தது. ஒருவர் வகுப்பை மற்றவர் போய்ப் பார்ப்பது எங்கள் பள்ளியில் கட்டாயம். மூன்றாம் ஆண்டு நவம்பரில் நுஹாத்தின் வகுப்பில், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பலகையில் ஒன்றுமே எழுதவில்லை அவள். மேசை மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாணவி எழுந்து, "I wish I have a room" என்றாள்.

என் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. நுஹாத் திருத்தவில்லை.

"உனக்குத் தனி ரூம் இருக்காடி?"

"எங்க மிஸ்? நாலு தங்கச்சிங்க."

"ஆனா நீ சொன்னதக் கேட்டா இருக்கிற மாதிரியில்ல இருக்கு. இல்லாதது கைக்கு எட்டாம தூரத்துல நிக்கணும். எங்க நிறுத்துவ?"

அவள் யோசித்தாள். "பின்னாடி."

"நிறுத்து."

"I wish I had a room."

"எப்போ வேணும் ரூம்? நேத்தா?"

"இப்பவே வேணும் மிஸ்!"

"பாத்தீங்களா, had-னு சொல்றா, ஆனா நேத்தப் பத்திப் பேசல. அது காலத்துல தூரம் இல்ல, நிஜத்துலருந்து தூரம். அப்போ நேத்து நடந்ததுக்கே வருத்தப்படணும்னா? இன்னும் ஒரு படி பின்னாடி போகணும்ல?"

வேறொருத்தி கையைத் தூக்கினாள். "I wish I hadn't cut my hair!"

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தலைத்துணிக்குள் முடி எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது போலும். அந்தப் பெண்ணும் சிரித்தாள். என் வகுப்பில் இந்தப் பாடத்துக்கு யாரும் சிரித்ததில்லை.

வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவளுடைய மாணவிகள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒரு வாக்கியம் எழுதிப் போடுவார்கள். அது அவரவர் உண்மையாகவே வருந்துவதாக இருக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. நுஹாத் அவற்றைத் திருத்தி, நல்லவற்றைப் பச்சை அட்டை போட்ட நோட்டில் படியெடுத்துவிட்டுச் சீட்டுகளைக் கிழித்துப்போடுவாள். சொந்த வருத்தத்தை எழுதுகிற பெண் காலத்தைத் தவறவிடுவதில்லை என்பது அவளுடைய கணக்கு.

அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய இளைய மகளுக்குத் தொண்டையில் அறுவை செய்ய வேண்டிவந்தது. இரண்டு நாள் விடுப்பு. அவளுடைய பிரிவையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"உம்மு அனஸ், இந்த நோட்ட வச்சுக்கோ" என்று, எங்கள் வழக்கப்படி அனஸின் தாய் என என் மகன் பெயரால் அழைத்து, பச்சை நோட்டை என் கையில் கொடுத்தாள். "பழசுலருந்து நாலஞ்சு எடுத்துக் குடு, போதும். பிள்ளைங்க எழுதினது. வகுப்பு வாசலத் தாண்டாம பாத்துக்கோ."

"தெரியும்" என்றேன்.

அன்று மாலையே நாற்பது வாக்கியங்களைத் தட்டச்சு செய்தேன். இதை ஏன் செய்தேன் என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு ஒரே பிரிவு என்று முதல்வர் அறிவித்திருந்தார், முடிவு மார்ச்சில். என் புதிய கையேடு பிப்ரவரியில் கடைக்கு வரவேண்டும். என் சொந்த வாக்கியங்களை ஒருமுறை படித்தேன்: எனக்கு ஒரு கார் இருந்தால், நான் உயரமாக இருந்தால், நேற்று மழை பெய்யாதிருந்தால். நோட்டிலிருந்தவற்றைப் படித்தேன். என்னுடையவை அட்டையில் செய்த பழங்களைப் போல இருந்தன. அவளுடைய மாணவிகளின் வாக்கியங்கள் எனக்கு வேண்டியிருந்தன. வேறு காரணம் எதுவும் இல்லை.

முறையாகச் செய்தேன். வினை வடிவம், எதிர்மறை, துணைவினை என்று ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டு இடங்களில் 'was' என்பதை 'were' ஆக்கினேன். கேள்வியை இப்படி அமைத்தேன்: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் உள்ள உண்மையை எழுதுக. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் நாற்பதுக்கும் விடைப்பட்டியல் கொடுத்தேன். ஏக்கத்தைப் புரட்டினால் நடந்தது வந்துவிடும்; அதுதானே இந்த வாக்கியத்தின் அமைப்பு. இருபத்துமூன்றாவது வாக்கியம்:

"If only we hadn't read the Fatiha at my uncle's house in Ajloun."

அஜ்லூனில் பெரியப்பா வீட்டில் நாங்கள் ஃபாத்திஹா ஓதாமல் இருந்திருக்கக் கூடாதா என்பது பொருள். அதற்கு என் விடைப்பட்டியலில், என் கையால்: அஜ்லூனில் என் பெரியப்பா வீட்டில் நாங்கள் ஃபாத்திஹா ஓதினோம்.

எங்களிடத்தில் இரு வீட்டாரும் சேர்ந்து குர்ஆனின் தொடக்க அத்தியாயமான ஃபாத்திஹா ஓதினால் பெண் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? என் திருமணமும் அப்படித்தான் முடிவானது. ஆனால் அந்த வரியில் நான் பார்த்ததெல்லாம் எதிர்மறையும் 'had'-உம் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பதைத்தான்.

கையேடு பத்து நாளில் தீர்ந்துபோனது. இரண்டாவது முறை அச்சிட்டோம். பேருந்து நிலையப் புத்தகக் கடையில் என் பெயரைக் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த இரண்டு வாரங்கள் நான் யாருடைய பெட்டியையும் எண்ணவில்லை.

மூன்றாம் வாரம், திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. உள்ளே பருமனான ஒரு அம்மாள், கையில் என் கையேடு. பக்கத்தில் பதினெட்டு வயது மகள், வேறு பள்ளிச் சீருடையில். எதிரே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் வஜ்தின் தந்தை என்று முதல்வர் சொன்னார். வஜ்த் நுஹாத்தின் வகுப்பில் முதல் மூன்றில் ஒருத்தி. அவளுடைய பெரியப்பா வீடு அஜ்லூனில். அந்த அம்மாள் அவளுடைய பெரியம்மா. கடந்த கோடையில் தன் மகனுக்கு அவளைப் பேசி முடித்தவள்.

"எங்க வீட்டு ஃபாத்திஹாவ இர்பித் முழுக்க வித்துட்டீங்களே!" என்று கையேட்டை மேசையில் அறைந்தாள். "என் மக கணக்குப் போடுற மாதிரி இத எழுதிட்டு உக்காந்திருக்கா. விடையப் பாத்தா, எங்க வீட்டுக் கதை! என் மகனக் கட்டிக்கிறதுக்கு அழுவுறாளாமா அவ? ராஜா மாதிரி இருக்கான்!"

"அண்ணி, கொஞ்சம் மெதுவா" என்றார் தந்தை.

"நீங்க பேசாதீங்க! பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பி, வீட்டுச் சமாச்சாரத்த இங்கிலீஷ்ல எழுதக் கத்துக்குடுத்திருக்கீங்க!"

தந்தை முதல்வர் பக்கம் திரும்பினார். "அஞ்சு நாளா அவள வீட்டுல வச்சிருக்கேன். இது அவ எழுதினதுன்னா, பரீட்சை எழுத வேணாம். அவ்ளோதான். என் அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

முதல்வர் என்னைப் பார்த்தார். "அட்டையில உங்க பேர் இருக்கு. இது எங்கேருந்து வந்துச்சு?"

என் வாய் உடனே திறந்தது. அந்தக் கணத்தைப் பலமுறை பின்னோக்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு நொடியாவது தயங்கியிருப்பேனா என்று. தயங்கவில்லை.

"நுஹாத் மிஸ் வகுப்புலருந்து" என்றேன்.

நுஹாத்தை அழைத்துவரச் சொன்னார்கள். கை முழுக்கச் சுண்ணாம்புத் தூளோடு வந்தாள். கையேட்டை வாங்கினாள். தன் மாணவிகளின் நாற்பது வருத்தங்களும் என் பெயருக்குக் கீழே எண் போட்டு வரிசையாக நிற்பதை அப்போதுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பக்கத்தைப் புரட்டி விடைப்பட்டியலையும் படித்தாள். நான் தரையைப் பார்த்தேன். இனி அவள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். வகுப்பு வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன் என்றால் போதும். என் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால், வாக்கியம் ஒரு மாணவியுடையது என்பதும் வெளிப்பட்டுவிடும்.

"இதுக்கா இவ்ளோ சத்தம்?" என்றாள் நுஹாத். "இது நான் எழுதினது."

"நீங்களா?" என்றார் முதல்வர்.

"நானேதான். போன வருஷம் எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு இப்படி நடந்துச்சு. ஊர் பேர் ஒண்ணு வேணும்னு அஜ்லூன்னு போட்டேன். பெரியப்பா வீடுன்னா பிள்ளைங்களுக்குச் சட்டுனு புரியும். இந்த ஜில்லாவுல அஜ்லூன்ல பெரியப்பா இல்லாத வீடு எத்தன இருக்கும்மா?"

பெரியம்மா விடுவதாக இல்லை. "பாடம் நடத்த உங்களுக்கு வேற உதாரணமே கிடைக்கலையா?"

"தப்புதான். உங்க மனசு நோகும்னு தோணியிருந்தா ஜெராஷ்னு போட்டிருப்பேன். ஜெராஷ்லயும் யாராவது கோவிச்சிருப்பாங்க."

தந்தையின் வாயோரம் லேசாக அசைந்தது. அவர் நுஹாத்தை நீண்ட நேரம் பார்த்தார். நம்பினாரா, நம்ப விரும்பினாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. "அப்போ என் பொண்ணு எழுதல" என்றார்.

"உங்க பொண்ணு போன வியாழக்கிழம வரவே இல்லியேன்னு நான் தேடிட்டு இருந்தேன். அவளை அனுப்புங்க. மூணு பாடம் போயிடுச்சு."

"இந்த வாக்கியங்கள சுஹைருக்கு நீங்களா கொடுத்தீங்க?" என்று முதல்வர் கேட்டார்.

"நோட்ட நான்தான் அவ கையில கொடுத்தேன்" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் என் பக்கத்திலேயே நடந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "நான் எல்லாத்தையும் படிச்சுத்தான்..." என்று தொடங்கினேன்.

"படிக்கல, சுஹைர். திருத்தின. நாப்பதுலயும் ஒரு தப்பு இல்ல, பாத்தேன்." கையிலிருந்த சுண்ணாம்பைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். "இதுக்கு மேல அச்சடிக்க வேணாம்னு கடைக்காரர்ட்ட சொல்லிடு." பிறகு தன் வகுப்புக்குள் போனாள். உள்ளேயிருந்து "மிஸ், என்னாச்சு மிஸ்?" என்று முப்பத்தெட்டுக் குரல்கள் கேட்டன. அப்போதும், அந்த நிலையிலும், எனக்கு முதலில் வந்த எண்ணம் இதுதான்: என்னிடம் அப்படிக் கேட்க யாரும் இல்லை.

வஜ்த் மறுநாள் வந்தாள். ஜூனில் தேர்வு எழுதினாள், நன்றாகவே எழுதினாள். அந்தக் கல்யாணப் பேச்சு அடுத்த ஆண்டு சத்தமில்லாமல் கலைந்தது என்று கேள்விப்பட்டேன். பெரியம்மாவே வேறு பெண் பார்த்துவிட்டாளாம்.

மார்ச்சில் முதல்வர் முடிவைச் சொன்னார். குடும்ப விவகாரங்களை உதாரணமாக்கும் ஆசிரியையிடம் பன்னிரண்டாம் வகுப்பைக் கொடுக்க முடியாது. வகுப்பு எனக்கு. நுஹாத்துக்குக் கீழ்த்தளத்தில் எட்டாம் வகுப்பு. நான் விரும்பியது முழுமையாக என் கைக்கு வந்தது. நாற்காலி, வகுப்பு, பதிவேட்டின் முதல் வரி எல்லாமே. நுஹாத் இப்போது தாமதமாகத்தான் வந்தாள். எட்டாம் வகுப்புக்கு யார் அவசரப்படுவார்கள்?

நானும் வியாழக்கிழமைகளில் சீட்டு எழுதச் சொன்னேன். முதல் வாரம் வந்தவை: கார், கார், ஐஃபோன், உயரம், கார். இரண்டாம் வாரமும் அப்படியே. பிள்ளைகள் என்னிடம் எதையும் எழுதவில்லை. எல்லா வாக்கியங்களிலும் இலக்கணம் சரியாக இருந்தது. அதே நேரத்தில் கீழ்த்தளத்தில் எட்டாம் வகுப்பு சிரிக்கும் சத்தம் படிக்கட்டு வழியே ஏறி வரும். எட்டாம் வகுப்புப் பாடத்தில் இந்த வாக்கியங்கள் கிடையவே கிடையாது. அவளாகவே நடத்திக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தச் சொல்வேன்.

ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின. முதல்வரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைப்பேன். தேர்வு முடியட்டும் என்பேன். பிறகு முடிவுகள் வரட்டும் என்பேன். பிறகு புதிய ஆண்டு தொடங்கிவிடும். நுஹாத் ஒருநாளாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒரு பார்வையாவது, தேநீர்க் கோப்பையை நீட்டும்போது ஒரு கூர்மையான சொல்லாவது வரும் என்று. கேட்டிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும். அவள் கேட்டதெல்லாம் என் மகன் அனஸின் ஆஸ்துமா பற்றியும், லப்னேயில் உப்புக் கூடிவிட்டதா என்பது பற்றியும்தான். கணக்குப் பார்க்காமல் இருப்பதில்கூட என்னால் அவளுக்குச் சமமாக இருக்க முடியவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2019 ஜூனில் அவள் விருப்ப ஓய்வு பெற்றாள். மூத்த மகள் தெற்கே அக்கபாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குடும்பமே அங்கே போகிறது என்றாள். ஆசிரியர் அறையில் பெரிய தட்டில் பாலாடைக்கட்டி இனிப்பான குனாஃபா சூடாக வந்தது. பழைய மாணவிகள் எழுபது பேருக்கு மேல் வந்து தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டார்கள். கையில் குழந்தையோடு வஜ்தும் வந்திருந்தாள். நான் எண்ணினேன் என்பதை மறைக்கவில்லை.

முதல்வர் இஃப்திகார் பேச எழுந்தார். நுஹாத்தின் பொறுமையைச் சொன்னார், காரை நிறுத்தும் விதத்தைச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, "ஒரே ஒரு குறைதான் நுஹாத் மேல. அந்த அஜ்லூன் உதாரணம்! அது மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நம்ம பன்னிரண்டாம் வகுப்பு..." என்று நிறுத்தி, கையை விரித்தார்.

உம்மு குதைபாகூட வாயைத் திறக்கவில்லை. வாசலருகே வஜ்த் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். குனாஃபாவை எடுத்துக்கொடுக்க நான்தான் பெரிய தட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று நான்கு சொல் சொல்ல அதைவிட நல்ல நேரம் இனி வரப்போவதில்லை என்று தெரிந்தது. நுஹாத் இப்போதாவது என்னைப் பார்ப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் குனாஃபாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, பெரிய தப்புதான்" என்றாள் முதல்வரிடம். பிறகு தன் காலித் தட்டை என் பக்கம் நீட்டினாள். "உம்மு அனஸ், ஓரத்துத் துண்டு எனக்கு. பாகு இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன்.